டெவலப்பர் எழுதிய ஏழு வரியைப் பயனருக்குப் புரியும் குறிப்பாக மாற்றுவது எப்படி

இந்த வேலைக்கு வந்த புதிதில், டெவலப்பர் அனுப்பிய வெளியீட்டுக் குறிப்பை அப்படியே எடுத்து ஒட்டி, "புதிய பதிப்பு நேற்றிரவு ஏறிவிட்டது, மாற்றங்கள் கீழே" என்று ஒரு வாக்கியம் சேர்த்துக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன். அதில் `add due_date col to invoice csv` என்று ஒரு வரி இருந்தது. பாதிப் பேர் மெயிலையே திறக்கவில்லை. திறந்தவர்களுக்கும் அந்த வரியில் தங்களுக்கு ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் போன் செய்தார். "ஏங்க, எல்லா இன்வாய்ஸும் நாற்பத்தஞ்சாயிரத்துச் சொச்சமாவே வருதே, அது எப்படி?"

நடந்தது இதுதான். அவர்கள் மென்பொருளிலிருந்து CSV கோப்பை இறக்கி, ஒரு எக்செல் ஷீட்டில் ஒட்டி, VLOOKUP போட்டுத் தொகையை எடுப்பார்கள். அந்த ஃபார்முலா பத்தியின் பெயரைப் பார்ப்பதில்லை, "ஐந்தாவது பத்தியை எடு" என்று எண்ணித்தான் எடுக்கிறது. புதிய பத்தி தொகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததும், ஐந்தாவது இடத்தில் தொகைக்குப் பதில் கெடு தேதி இருந்தது. எக்செல் தேதியை உள்ளுக்குள் நாள் கணக்காகத்தான் வைத்திருக்கும். 2025 ஜனவரி 1 என்பது அதற்கு 45658. அந்தக் கட்டம் எண் வடிவத்தில் இருந்ததால் தேதி அப்படியே தொகை மாதிரி தெரிந்தது. பிழைச் செய்தி இல்லை, சிவப்பு நிறம் இல்லை, எதுவும் இல்லை. நம்பக்கூடிய ஒரு தப்பு எண், அவ்வளவுதான்.

டெவலப்பர் மேல் தப்பே இல்லை. அவர் செய்ததைச் சரியாக எழுதியிருந்தார். அதைப் படிப்பவர் செய்ய வேண்டிய வேலையாக மாற்றுவது என் வேலை. அதை நான் செய்யவில்லை. எப்படிச் செய்வது என்பதை ஒரு வெளியீட்டை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து பார்ப்போம்.

## கையில் வந்திருப்பது

அதே மாதிரி இன்வாய்ஸ் போடும் வேறொரு மென்பொருளின் குறிப்பு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
v4.7.0
- feat(export): add due_date col to invoice csv (#2318)
- fix: NPE on invoice list if customer archived (#2291)
- refactor: tax rounding moved to line level (#2304)
- chore: session ttl 8h -> 30m (#2322)
- feat: bulk reminder, behind flag, default off (#2287)
- deprecate: /v1/invoices, removal in 5.0 (#2315)
- chore: bump deps
```

ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இருக்கும் சொல், மாற்றம் எந்த வகை என்று டெவலப்பர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட குறி. `feat` என்றால் புதிய வசதி. `fix` என்றால் பழுது பார்த்தது. `refactor` என்றால் வெளியே நடத்தை மாறாமல் உள்ளே மட்டும் திருத்தி எழுதியது. `chore` என்றால் வீடு பெருக்குகிற மாதிரியான பராமரிப்பு வேலை. அடைப்புக்குள் இருக்கும் எண் டிக்கெட் எண்.

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். `feat`, `fix` வரிகளை மட்டும் எடுத்து எழுதிவிட்டு, `refactor`, `chore` வரிகளைப் "பயனருக்குத் தேவையில்லை" என்று தள்ளிவிடுகிறார்கள். மேலே உள்ள பட்டியலில் பயனரை நேராகத் தொடும் இரண்டு மாற்றங்கள் எவை தெரியுமா? வரித்தொகையை ரவுண்ட் செய்து முழுமையாக்கும் முறை மாறியது `refactor` என்ற பெயரிலும், எட்டு மணி நேர லாகின் அரை மணியாகச் சுருங்கியது `chore` என்ற பெயரிலும் இருக்கின்றன. அந்தக் குறி, வேலை செய்தவருக்கு அது எப்படிப்பட்ட வேலை என்பதைச் சொல்கிறது. படிப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்வதில்லை.

பட்டியல் முழுமையாக இருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதற்கு இந்த ஒரு கட்டளை போதும். உங்களுக்கு அனுமதி இல்லையென்றால் டெவலப்பரிடம் ஓட்டித் தரச் சொல்லுங்கள்.

```
git log v4.6.2..v4.7.0 --oneline
```

போன பதிப்புக்கும் இதற்கும் நடுவில் சேர்ந்த எல்லா மாற்றங்களும் ஒவ்வொரு வரியாக வரும். அதில் தொடக்க எண்ணெழுத்துக் குறியை அடுத்து `Revert` என்று வரும் வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். செய்த வேலையைத் திரும்பப் பெற்றிருந்தால் அப்படித்தான் வரும். குறிப்பில் இருந்து எடுக்க மறந்திருப்பார்கள். வராத வசதியை வந்துவிட்டது என்று அறிவித்துவிட்டு அப்புறம் முழிப்பதைவிட, இந்த ஐந்து நிமிடம் செலவழிக்கலாம்.

## யாருக்கு எது, எது யாருக்கும் வேண்டாம்

டெவலப்பரின் குறிகளை மறந்துவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதனால் யாராவது ஏதாவது செய்ய வேண்டுமா? செய்ய வேண்டாம், ஆனால் வேறு மாதிரித் தெரியும் என்றால் அது இரண்டாவது கூடை. யாருக்கும் தெரியவே தெரியாது என்றால் குறிப்பில் அதற்கு இடமே இல்லை.

`bump deps` என்பது மென்பொருள் சார்ந்திருக்கும் வெளி நூலகங்களைப் புதுப்பித்தது. பாதுகாப்பு ஓட்டை எதையாவது அடைத்தார்களா, பழைய பிரவுசர் எதற்காவது ஆதரவு போனதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

`behind flag, default off` என்பது கொஞ்சம் தந்திரமான வரி. மொத்தமாக நினைவூட்டல் அனுப்பும் வசதி நிரலில் ஏறிவிட்டது, ஆனால் சுவிட்ச் அணைந்திருக்கிறது. யாருடைய திரையிலும் அந்தப் பட்டன் வராது. இதைப் "புதிய வசதி" என்று எழுதினால், மறுநாள் காலை முழுக்க "பட்டன் எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சுவிட்சைப் போடும் நாளில் இதை எழுதுவோம். அதுவரை உங்கள் சொந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

`/v1/invoices` என்பது வேறு மென்பொருள்கள் வந்து இன்வாய்ஸ் தகவலை எடுத்துச் செல்லும் பழைய வாசல். 5.0 பதிப்பில் அதை மூடிவிடுவார்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இந்த வரி கிரேக்கம். ஆனால் நிறுவனத்துக்குள் எங்கோ ஒருவர் அந்த வாசல் வழியாக ஒரு ரிப்போர்ட்டை இழுத்துக்கொண்டிருக்கலாம். எனவே இதைப் பொதுக் குறிப்பில் போடாமல், கடந்த 30 நாளில் அந்த முகவரிக்கு யாரிடமிருந்து அழைப்பு வந்தது என்று சர்வர் லாகில் பார்த்துத் தரச் சொல்லி, அவர்களுக்கு மட்டும் தனி மெயில் எழுதுங்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மட்டும் ஓடுகிற வேலைகள் 30 நாளில் சிக்காது. லாக் அதற்கும் பின்னால் இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, "5.0 வரும்போது" என்று அந்த மெயிலில் எழுதாதீர்கள். பதிப்பு எண்ணின் முதல் இலக்கம் ஏறினால் பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம் இருக்கிறது என்று டெவலப்பர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. பயனர் தன் காலண்டரில் 5.0 என்று குறித்துவைக்க முடியாது. அவருக்கு வேண்டியது தேதி. தேதி முடிவாகவில்லை என்றால், குறைந்தது எத்தனை நாள் முன்னால் சொல்வோம் என்பதையாவது குழுவிடம் கேட்டு வாங்கி எழுதுங்கள்.

மிச்சம் நான்கு வரிகள். பத்தி, பட்டியல் பிழை, முழுமையாக்கல், லாகின் நேரம். உண்மையான வேலை இந்த நான்கில்தான்.

## டெவலப்பரிடம் என்ன கேட்பது

"இதைக் கொஞ்சம் விளக்க முடியுமா?" என்று கேட்டால் அவர் நிரலை விளக்குவார். அது நமக்கு உதவாது. நான் நான்கே கேள்விகளை வைத்திருக்கிறேன்: முன்னால் என்ன நடந்தது? இனி என்ன நடக்கும்? ஏற்கெனவே இருக்கும் தரவுக்கு என்ன ஆகும்? பயனர் சும்மா இருந்தால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் பூதத்தைக் கிளப்பும்.

முழுமையாக்கல் வரியைப் பற்றி நடந்த பேச்சு ஏறக்குறைய இப்படிப் போனது.

"இதுல பயனருக்கு ஒண்ணும் இல்லைங்க. கணக்கு போடுற இடத்தை மட்டும்தான் மாத்தியிருக்கோம்."

"எங்க இருந்து எங்க?"

"முன்னாடி மொத்தத் தொகைக்கு வரி போட்டு, கடைசியில ஒரு தடவை ரவுண்ட் பண்ணுவோம். இப்போ ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனியா ரவுண்ட் பண்ணிக் கூட்டுறோம்."

"அப்போ மொத்தம் மாறுமா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சில சமயம் பைசாக் கணக்குல மாறலாம்."

இந்த மாதிரி பதில் வந்தால் எண் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஓர் இன்வாய்ஸில் ஐந்து பொருள்கள், ஒவ்வொன்றும் 10.05, வரி 10 சதவீதம். பழைய முறையில் மொத்தம் 50.25, அதற்கு வரி 5.025; முழுமையாக்கினால் 5.03. புதிய முறையில் ஒரு பொருளுக்கு வரி 1.005, முழுமையாக்கினால் 1.01, ஐந்தையும் கூட்டினால் 5.05. வித்தியாசம் 0.02. எண்களைப் பொறுத்துக் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். பத்துப் பொருள் உள்ள இன்வாய்ஸில் அது 0.05க்கு மேல் போகாது. சின்னத் தொகைதான். ஆனால் வாடிக்கையாளர் பழைய மொத்தத்தைப் பார்த்துப் பணம் அனுப்பியிருந்தால், அந்த 0.02 "பாக்கி" என்று நின்று இன்வாய்ஸ் முடியாமல் கிடக்கும். கணக்குப் பிரிவுக்கு இதைவிட எரிச்சலான விஷயம் குறைவு.

எனவே அடுத்த கேள்வி: பழைய இன்வாய்ஸ்கள்? அனுப்பி முடித்தவை பூட்டியிருக்கும், மாறாது என்றார். வரைவில் இருப்பவை? "அதைத் திறந்து சேவ் பண்ணாலும் சரி, அனுப்பினாலும் சரி, புது முறையில கணக்கு போட்டுரும்." செயல் வந்துவிட்டது பாருங்கள். வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே மொத்தத்தைச் சொல்லியிருக்கும் வரைவுகளை வெளியீட்டுக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். டெவலப்பரின் ஏழு சொல்லில் இது எங்கேயும் இல்லை. அவருக்கும் தெரியும், கேட்கும்வரை அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

லாகின் நேரத்துக்கு வருவோம். `ttl 8h -> 30m` என்றால் 30 நிமிடம். ஆனால் எதிலிருந்து 30 நிமிடம்? கடைசியாக எதையாவது தட்டியதிலிருந்தா, உள்ளே நுழைந்ததிலிருந்தா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவது என்றால் வேலை செய்துகொண்டிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவது என்றால் நடுவேலையில் அரை மணிக்கு ஒரு தடவை வெளியே தள்ளும். இங்கே முதலாவதுதான் என்று தெரிந்தது. அடுத்து, பாதி நிரப்பிய படிவம் என்ன ஆகும்? போய்விடும். தானாகச் சேமிப்பது கிடையாது. ஒரு துணைக் கேள்வியும் கேட்டேன்: நீளமான படிவத்தில் டைப் செய்துகொண்டே இருந்தால் அது "தட்டியது" கணக்கில் வருமா? வராதாம். சர்வருக்கு ஏதாவது போனால்தான் கணக்கு. அதாவது நாற்பது நிமிடம் உட்கார்ந்து ஒரு பெரிய இன்வாய்ஸை நிரப்பிவிட்டு அனுப்பு பட்டனை அழுத்தினால் லாகின் பக்கம் வந்து நிற்கும். இதைத்தான் எழுத வேண்டும். "பாதுகாப்பு மேம்படுத்தப்பட்டுள்ளது" என்று எழுதுவது பயனரை ஏமாற்றுவது மாதிரிதான்.

## கண்ணால் பார்ப்பது

வெளியீட்டுக்கு முன்பே டெஸ்ட் சர்வரில் மாற்றம் ஏறியிருக்கும். கேட்டதை அப்படியே நம்பி எழுதாமல், ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு தடவை நீங்களே செய்து பாருங்கள். பெரிய சோதனை எல்லாம் வேண்டாம். CSV விஷயத்தில் நான் இப்போது செய்வது இவ்வளவுதான்: இப்போதைய மென்பொருளில் இருந்து ஒரு கோப்பு, டெஸ்ட் சர்வரில் இருந்து ஒரு கோப்பு, இரண்டின் முதல் வரியை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்ப்பேன்.

```
invoice_no,customer,issue_date,status,amount,tax,total
invoice_no,customer,issue_date,status,due_date,amount,tax,total
```

பத்து விநாடி வேலை. `due_date` நடுவில் நுழைந்திருக்கிறது, `amount` ஐந்தில் இருந்து ஆறுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. பழைய அனுபவம் இருந்ததால் உடனே கேட்டேன்: "இதைக் கடைசிக்குக் கொண்டுபோக முடியுமா?" "அது ஒரு நிமிஷ வேலை, இதுதான் வேணும்னு யாரும் சொல்லலையே" என்று மாற்றிக் கொடுத்தார். குறிப்பு எழுதுகிறவர் மென்பொருளில் கை வைக்கலாமா என்று தயங்காதீர்கள். நான்கு வாக்கியத்தில் எச்சரிக்க வேண்டிய ஒன்று, எச்சரிக்கையே தேவைப்படாத ஒன்றாக மாறினால் எல்லோருக்கும் லாபம்.

கடைசியில் வைத்தாலும் முழுக்கப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. எண்ணி எடுக்கும் ஃபார்முலாக்கள் தப்பிக்கும். ஆனால் CSV-ஐ வாங்கிக்கொள்ளும் சில மென்பொருள்கள் பத்திகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்து, ஏழுக்குப் பதில் எட்டு வந்தால் கோப்பையே திருப்பி அனுப்பிவிடும். அதனால் குறிப்பில் ஒரு வாக்கியம் மிச்சம் இருக்கிறது.

திரையில் உள்ள பெயர்களையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மெனுவில் "வரைவுகள்" என்று இருந்தால் குறிப்பிலும் "வரைவுகள்" என்றுதான் இருக்க வேண்டும். நீங்கள் நல்ல தமிழ் என்று "முன்வரைவுப் பட்டியல்" என்று எழுதினால், படிப்பவர் அந்தப் பெயரைத் திரையில் தேடிக்கொண்டிருப்பார்.

## எழுதுவது

`NPE on invoice list if customer archived` என்ற வரியை எடுத்துக்கொள்வோம். NPE என்பது, இல்லாத ஒன்றை இருப்பதாக எடுத்துப் பயன்படுத்தப்போய் மென்பொருள் தடுக்கி விழும் பிழை. முதல் முயற்சியில் எல்லோரும் எழுதுவது: "இன்வாய்ஸ் பட்டியலில் ஏற்பட்ட பிழை சரிசெய்யப்பட்டது." இலக்கணப் பிழை இல்லை, பயனும் இல்லை. எந்தப் பிழை? எனக்கு வந்ததா? நான் போட்ட புகார்தானா இது?

பயனருக்குப் பிழையின் பெயர் தெரியாது; அது தன் திரையில் எப்படித் தெரிந்தது என்பதுதான் தெரியும். டிக்கெட்டைத் திறந்து, முதலில் புகார் செய்தவர் என்ன சொன்னார் என்று படியுங்கள். இதற்கு அதைவிட நல்ல மூலம் கிடையாது. #2291இல் ஒருவர் எழுதியிருந்தார்: "லிஸ்ட் திறந்தா வெள்ளையா இருக்கு. பழைய கஸ்டமரை மறுபடி ஆக்டிவ் பண்ணா வருது." ஆக, காப்பகத்துக்கு அனுப்பிய வாடிக்கையாளரின் இன்வாய்ஸ் ஒன்று பட்டியலில் இருந்தால் பக்கமே வெறுமையாகிவிடும். அதோடு இன்னொரு தகவலும் கிடைத்தது: மக்கள் இதைச் சமாளிக்க ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பிழை போன பிறகும் அந்தக் குறுக்கு வழி போகாது. யாராவது சொல்லும்வரை மூடிய வாடிக்கையாளர்களை மறுபடி திறந்துகொண்டே இருப்பார்கள். எனவே "சரிசெய்தோம்" என்பதோடு "இனி அப்படிச் செய்ய வேண்டாம்" என்பதும் சேர்ந்துதான் குறிப்பு முழுமையாகும்.

வாக்கியத்தை அமைக்கும்போது, யார் என்பதை முதலில் வையுங்கள், அப்புறம் என்ன செய்ய வேண்டும், கடைசியில் ஏன். டெவலப்பர் குறிப்பு இதற்கு நேர் தலைகீழாக, ஏன் என்பதில் தொடங்கும். "வரி கணக்கிடும் முறை மாற்றப்பட்டுள்ளதால், வரைவில் உள்ள இன்வாய்ஸ்களின் மொத்தத்தில் மாற்றம் ஏற்பட வாய்ப்புள்ளதால்..." என்று இழுத்துக்கொண்டு போனால், தான் செய்ய வேண்டியது வருவதற்குள் படிப்பவர் அடுத்த மெயிலுக்குப் போயிருப்பார். "செய்யப்பட்டுள்ளது, மாற்றப்பட்டுள்ளது" என்ற நடையையும் குறையுங்கள். யார் செய்தது, யார் செய்ய வேண்டும் இரண்டும் அதில் மறைந்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. `line` என்றாலும் வரி, `tax` என்றாலும் வரி. என் முதல் வரைவில் "வரி ஒவ்வொரு வரிக்கும் தனியாகக் கணக்கிடப்படும்" என்று இருந்ததைப் படித்துவிட்டு ஒருவர் சிரித்தே விட்டார். "ஒவ்வொரு பொருளுக்கும்" என்றும் "வரித்தொகை" என்றும் பிரித்து எழுதியதும் தெளிந்தது.

கடைசியில் போன குறிப்பு இது.

> பொருள்: ஜூன் 12 வியாழன் இரவு இன்வாய்ஸ் மென்பொருளில் மாற்றம். வரைவு இன்வாய்ஸ் வைத்திருப்பவர்கள் அன்று மாலை 6 மணிக்குள் ஒரு வேலை செய்ய வேண்டும்
>
> வியாழன் மாலை 6 மணிக்குள் செய்ய வேண்டியது
>
> இன்வாய்ஸ் போடுபவர்கள்: "வரைவுகள்" பக்கத்தைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே மொத்தத்தைச் சொல்லிவிட்ட வரைவு ஏதாவது இருந்தால், அதை வியாழன் மாலைக்குள் அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு அனுப்பினால் மொத்தம் சில பைசா கூடவோ குறையவோ செய்யலாம். காரணம், வரித்தொகையை இனி ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக முழுமையாக்கிக் கூட்டுவோம். உதாரணம்: 10.05 விலையுள்ள ஐந்து பொருள்களுக்கு 10% வரித்தொகை முன்பு 5.03, இனி 5.05. ஏற்கெனவே அனுப்பிய இன்வாய்ஸ்கள் மாறாது.
>
> இன்வாய்ஸ் CSV கோப்பை வேறு மென்பொருளில் ஏற்றுபவர்கள்: கோப்பின் கடைசியில் `due_date` என்ற ஒரு பத்தி கூடுதலாக வரும். மற்றப் பத்திகள் அதே இடத்தில் இருக்கும். மாதிரிக் கோப்பை இணைத்திருக்கிறோம். உங்கள் மென்பொருள் அதை ஏற்கிறதா என்று வியாழனுக்குள் பார்த்துவிடுங்கள். எக்செலில் மட்டும் பயன்படுத்துபவர்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.
>
> வெள்ளி காலை முதல் வேறு மாதிரி இருப்பவை
>
> எல்லோருக்கும்: 30 நிமிடம் எதையும் சேமிக்காமலும் வேறு பக்கத்துக்குப் போகாமலும் இருந்தால் மென்பொருள் உங்களை வெளியேற்றிவிடும் (முன்பு 8 மணி நேரம்). டைப் செய்துகொண்டே இருந்தாலும் இது நடக்கும். சேமிக்காத விவரம் போய்விடும். நீளமான இன்வாய்ஸை நிரப்பும்போது இடையிடையே "சேமி" அழுத்துங்கள்.
>
> காப்பகத்தில் உள்ள வாடிக்கையாளரின் இன்வாய்ஸ் இருந்தால் பட்டியல் வெறுமையாக வந்தது சரியாகிவிட்டது. அதற்காக வாடிக்கையாளரை மறுபடி இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

மூலத்தில் ஏழு வரி, இங்கே நான்கு விஷயம். ஆனால் ஒவ்வொன்றும் நீளம். அது பரவாயில்லை. வரிசையையும் கவனியுங்கள்: புதியது, சரிசெய்தது என்று வகை பிரிக்கவில்லை. கெடு உள்ளது மேலே, சும்மா தெரிந்துகொள்ள வேண்டியது கீழே. டிக்கெட் எண்களையும் பதிப்பு எண்ணையும் எடுத்துவிட்டேன். உதவி மையத்தில் இருப்பவர்களுக்குப் போகும் பிரதியில் மட்டும் அவை இருக்கும். போன் வந்தால் அவர்களுக்கு அது வேண்டும்.

"வேகம் கூடியிருக்கிறது" என்று டெவலப்பர் சொன்னால் எழுதலாமா என்று கேட்பீர்கள். அளந்திருந்தால் எழுதுங்கள், எந்தப் பக்கம், முன்பு எத்தனை விநாடி, இப்போது எத்தனை விநாடி. அளக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். உண்மையாகவே வேகமாகியிருந்தால் அவர்களே கவனிப்பார்கள்.

## இரண்டு பேர் படிக்க வேண்டும்

ஒருவர் டெவலப்பர். அவரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், "இதில் எது பொய்?" என்று கேளுங்கள். எளிமையாக்கும்போது உண்மை கொஞ்சம் வளைந்துவிடும். என் வரைவில் "30 நிமிடம் பயன்படுத்தாவிட்டால் வெளியேற்றும்" என்று இருந்தது. டைப் செய்வதும் பயன்படுத்துவதுதானே, அது தப்பு என்று அவர்தான் பிடித்தார்.

இன்னொருவர், குறிப்பு யாருக்குப் போகிறதோ அவர்களில் ஒருவர். அவரிடம் புரிகிறதா என்று கேட்டால் மரியாதைக்காவது புரிகிறது என்பார். படித்து முடித்ததும், "சரி, இப்போ நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். நான் கேட்டபோது அந்த அம்மா, "வரைவு எல்லாத்தையும் இன்னைக்கே அனுப்பிடணும்" என்றார். எல்லாவற்றையும் அல்ல, தொகை சொல்லிவிட்டவற்றை மட்டும். அதற்குப் பிறகுதான் "வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே மொத்தத்தைச் சொல்லிவிட்ட" என்ற சொற்கள் உள்ளே வந்தன. இல்லையென்றால் பாதி முடித்த வரைவுகள் எல்லாம் வாடிக்கையாளருக்குப் போயிருக்கும்.

## அனுப்பிய பிறகு

செய்ய வேண்டிய வேலை இருக்கும் குறிப்பு, வெளியீட்டுக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் முன்னால் போக வேண்டும். மாற்றம் நடந்த பிறகு போனால் "மாலை 6 மணிக்குள்" என்பதற்கு அர்த்தமில்லை. வெறும் தகவல் மட்டும் என்றால் முதல் நாள் போதும்.

வெளியீடு முடிந்த முதல் இரண்டு நாள் உதவி மையத்துக்கு வரும் கேள்விகளைப் படியுங்கள். குறிப்பில் பதில் இருந்தும் ஒரே கேள்வியைப் பலர் கேட்டால், அந்தப் பத்தி தவறான இடத்தில் இருக்கிறது அல்லது அவர்கள் பேசும் சொல்லில் இல்லை. குறிப்பிலேயே பதில் இல்லாத கேள்வி வந்தால், டெவலப்பரிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது. அடுத்த தடவைக்கான பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிக்கல் மட்டும் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. வெளியீடு சில சமயம் கடைசி நேரத்தில் நின்றுவிடும், அல்லது ஏறிய இரவே திரும்ப இறங்கிவிடும். டெவலப்பர்கள் தங்கள் குழுவில் சொல்லிக்கொள்வார்கள். உங்கள் குறிப்பைப் படித்த நூறு பேருக்கு யார் சொல்வது? திரும்ப இறக்கினால் எனக்கும் செய்தி வர வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறேன். திருத்தக் குறிப்பும் முன்பே எழுதித் தயாராக இருக்கும். இவ்வளவு போதும்:

> வியாழன் இரவு செய்வதாகச் சொன்ன மாற்றம் தள்ளிப்போகிறது. மென்பொருள் பழையபடியே இயங்குகிறது. மொத்தத் தொகைகள் பழைய முறையிலேயே வரும், லாகின் நேரமும் பழைய 8 மணி நேரம்தான். காப்பகத்தில் உள்ள வாடிக்கையாளரால் பட்டியல் வெறுமையாவது இன்னும் சரியாகவில்லை. வரைவுகளை முன்பே அனுப்பியவர்கள் எதையும் திரும்பப் பெற வேண்டியதில்லை. புதிய தேதியைக் குறைந்தது மூன்று வேலை நாள் முன்னால் சொல்கிறோம்.